எல்லா மாதமும் பாதக முரணா? தேயிலைத் தொழிற்சாலையின் நியமத்தை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

கொழுந்து விலைக்கு வாங்கித் தேயிலை தயாரிக்கும் தொழிற்சாலைகளின் கிரயக் கணக்கை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பண்டாரவளைப் பக்கம் அப்படியொரு தொழிற்சாலையில் சில வருடங்கள் கணக்குப் பார்த்தேன். இதில் வரும் முக்கியமான கோளாறு அங்கே நான் கண்டது. கணக்கு எளிதாக ஓடட்டும் என்று தொகைகளை மட்டும் முழு எண்களாக்கியிருக்கிறேன்.

ஒரு கிலோ தேயிலைக்கு எத்தனை கிலோ கொழுந்து போகலாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் அளவுதான் நியமம். உண்மையில் போனதற்கும் நியமத்துக்கும் உள்ள வித்தியாசம் முரண். கூடுதலாகப் போனால் பாதகம், குறைவாகப் போனால் சாதகம். நியமத்தில் இரண்டு வகை உண்டு. துளியும் சேதமில்லாமல், இயந்திரம் ஒரு நிமிடமும் நிற்காமல் வேலை நடந்தால் கிடைப்பது இலட்சிய நியமம். தவிர்க்க முடியாத சேதத்துக்கு இடம் விட்டு, மற்றபடி கவனமாக வேலை செய்தால் எட்டக்கூடியது அடையத்தக்க நியமம். முரண் அறிக்கை யாருக்கும் உதவாமல் கிடக்கிறது என்றால், அநேகமாக முதலாவதை எழுதிவிட்டு அதை இரண்டாவது என்று நம்பிக்கொண்டிருப்போம்.

அறிகுறி 1: கொழுந்துப் பாவனை முரண் பன்னிரண்டு மாதமும் பாதகம்

முதலில் கடந்த 24 மாதக் கணக்கை எடுங்கள். ஒவ்வொரு மாதமும் தொழிற்சாலைக்கு வந்த கொழுந்தை, விற்கத்தக்க தேயிலையின் எடையால் வகுத்து ஒரு வரிசையில் எழுதுங்கள். அந்த வரிசையில் மிக நல்ல மாதத்தைப் பாருங்கள். அந்த மாதம்கூட நியமத்தைத் தொடவில்லை என்றால் குறை வேலையில் இருப்பதை விட நியமத்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

நான் பார்த்த தொழிற்சாலையில் நியமம் 4.3 கிலோ. ஒரு கிலோ தேயிலைக்கு 4.3 கிலோ கொழுந்து. 24 மாதத்தில் மிக நல்ல மாதம் 4.58. இந்த 4.3 எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், வெயில் நாளொன்றில் நல்ல இளங்கொழுந்தை மட்டும் தனியாக அரைத்துப் பார்த்த ஒரு சோதனைத் தாளில் இருந்தது.

அது எவ்வளவு எட்டாத அளவு என்பதை ஒரு சின்னக் கணக்கால் காணலாம். பச்சைக் கொழுந்தில் நூற்றுக்கு 77 பங்கு நீர் என்று வைப்போம். 100 கிலோவில் 23 கிலோதான் திடப்பொருள். ட்ரையரிலிருந்து இறங்கும் தேயிலையில் 3 வீத ஈரம் இருக்கும், ஆகவே 23ஐ 0.97ஆல் வகுத்தால் 23.7 கிலோ. ஒரு தூள்கூடக் கீழே சிந்தாமல், நாரும் காம்பும் கழிவாகப் போகாமல், இலை மேல் ஒரு சொட்டு மழைநீர் இல்லாமல் இருந்தால் கிடைக்கும் உச்சம் அதுதான். கிலோவுக்கு 4.22 கிலோ கொழுந்து. 4.3 அந்த உச்சத்துக்கு அருகில் நிற்கிறது. சலிக்கும்போது பிரிகிற நாரும் காம்பும், இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும்போது சிந்துவதும், இலையில் ஒட்டி வரும் ஈரமும் எந்தத் தொழிற்சாலையிலும் இல்லாமல் போகாது. 21.5 வீத விளைவு, அதாவது கிலோவுக்கு 4.65 கிலோ கொழுந்து என்பது நம் பக்கத்தில் பழகிய கணக்கு.

எட்டாத நியமத்தால், தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கரின் மனம் சோர்ந்துபோகும் என்பது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய கெடுதி, உண்மையான கோளாறு வரும்போது அறிக்கையில் அது தெரியாமல் போவது. இரண்டு மாதங்களை எடுத்துப் பாருங்கள். இரண்டிலும் தேயிலை 20,000 கிலோ. கொழுந்தின் நியம விலை கிலோ 200 ரூபா.

முதல் மாதம் 93,600 கிலோ கொழுந்து போனது. 4.3 நியமப்படி 86,000 கிலோ போயிருக்க வேண்டும். 7,600 கிலோ கூடுதல், 15 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா பாதகம். அடுத்த மாதம் 96,000 கிலோ போனது. 10,000 கிலோ கூடுதல், 20 இலட்சம் பாதகம். மேலே இருப்பவர் பார்ப்பது இதுதான்: போன மாதமும் பெரிய பாதகம், இந்த மாதமும் பெரிய பாதகம், கொஞ்சம் கூடியிருக்கிறது. மழையாக இருக்கும் என்று சொல்லி அடுத்த தாளுக்குப் போய்விடுவார்.

இப்போது அதே இரண்டு மாதத்துக்கும் 4.65 நியமத்தைப் போடுங்கள். போயிருக்க வேண்டியது 93,000 கிலோ. முதல் மாதம் 600 கிலோ கூடுதல், 1 இலட்சத்து 20 ஆயிரம் பாதகம். இரண்டாம் மாதம் 3,000 கிலோ கூடுதல், 6 இலட்சம் பாதகம். ஒரே மாதத்தில் ஐந்து மடங்கு. இதைப் பார்த்த எவரும் எழுந்து தொழிற்சாலைக்குள் போவார்.

இரண்டு மாதத்திலும் 14 இலட்சம் ரூபா நியமத்தின் குறையால் மட்டும் வந்தது. அந்தச் சுமை எல்லா மாதத்திலும் அப்படியே உட்கார்ந்திருப்பதால், மேலே ஏறிய 4 இலட்சத்து 80 ஆயிரம் அதற்குள் மறைந்துவிட்டது. அங்கே உண்மையில் நடந்தது இது. ஃபுளூயிட் பெட் ட்ரையரைப் பழுது பார்த்துவிட்டு மூட்டும்போது காற்றைக் கூட்டிக் குறைக்கும் டேம்பர் தகட்டைக் கூடுதலாகத் திறந்து வைத்துவிட்டார்கள். நுண்ணிய தூள் காற்றோடு போய்த் தூசு பிடிக்கும் கூண்டில் சேர்ந்து கழிவாகிக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டால் மாதத்துக்கு 513 கிலோ, 25 வேலை நாளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 கிலோ. இரண்டு மாதம் கழித்துக் கூண்டைத் துப்புரவு செய்யப் போனவர்தான் கண்டுபிடித்தார், அறிக்கை கண்டுபிடிக்கவில்லை. ஏன் உங்களுக்குத் தெரியவில்லை என்று டீமேக்கரிடம் கேட்டேன். “அந்தத் தாளில எல்லா மாசமும் சிவப்புத்தான் தம்பி. எந்தச் சிவப்பைப் பார்க்கிறது?” என்றார். அவர் சொன்னது இன்றுவரை எனக்கு மறக்கவில்லை.

சரிசெய்யும் முறை. 24 மாத வரிசையிலிருந்து வேலைநிறுத்தம், இயந்திர உடைவு போன்ற அசாதாரண மாதங்களை நீக்குங்கள். மீதியின் சராசரியை நியமமாக்காதீர்கள், ஏனென்றால் பழைய கவனக்குறைவும் சராசரிக்குள் கலந்திருக்கும். மாதங்களை நல்லது முதல் மோசமானது வரை அடுக்கி, மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு முடிகிற இடத்தில் உள்ள அளவை எடுங்கள். கொஞ்சம் எட்டிப் பிடிக்க வேண்டிய அளவு அது, ஆனாலும் அதே ஆட்கள் அதே இயந்திரத்தில் பல தடவை தொட்டுக் காட்டியிருக்கிறார்கள். இலட்சிய அளவைத் தூக்கி எறியத் தேவையில்லை. புது ட்ரையர் வாங்குவதா என்று யோசிக்கும்போது எங்கே எவ்வளவு இழக்கிறோம் என்று பார்க்க அது பயன்படும். முரண் அறிக்கையில் மட்டும் அதற்கு வேலை இல்லை.

தாளில் B நிரலில் தேயிலையும் C நிரலில் கொழுந்தும் இருந்தால், இரண்டு நியமத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்க்கலாம். விடை நேர் எண்ணாக இருந்தால் பாதகம்.

```
=(C5-B5*4.3)*200
=(C5-B5*4.65)*200
```

200 என்ற விலையை வருடம் முழுதும் அசைக்காமல் வையுங்கள். சிறு தோட்டக்காரருக்குக் கொடுக்கும் கொழுந்து விலை கொழும்பு ஏல விலையைப் பார்த்து மாதாமாதம் மாறும். அந்த மாற்றம் விலை முரணில்தான் விழ வேண்டும். பாவனை முரணுக்குள் அதை விட்டால் ட்ரையரில் போன தூளையும் ஏலத்தில் ஏறிய விலையையும் பிரிக்க முடியாது.

அறிகுறி 2: மாத முடிவில் முரண் பூச்சியத்துக்குக் கிட்ட வருகிறது, அடுத்த மாத முதல் வாரம் படுமோசம்

இதுவும் எட்டாத நியமத்தின் பிள்ளைதான். திட்டு வாங்கிச் சலித்தவர்கள் மாதக் கடைசி இரவில் வாட்டும் ட்ரஃபில் கிடக்கும் கொழுந்தைக் கூட்டி எழுதத் தொடங்குவார்கள். இருப்பு கூடினால் அந்த மாதம் போன கொழுந்து குறையும், முரண் அழகாகிவிடும். கடன் அடுத்த மாதம் ஏறும்.

கண்டுபிடிக்க மாதக் கணக்கு போதாது. வாரக் கணக்கு போட்டுப் பாருங்கள். மாதத்தின் கடைசி வாரம் மட்டும் 4.4 என்றும், அடுத்த மாத முதல் வாரம் 4.9 என்றும் திரும்பத் திரும்ப வந்தால் வேறு விளக்கம் தேட வேண்டாம். 31ஆம் திகதி இரவு ட்ரஃபில் உள்ளதைக் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் போய் நிறுத்து எழுதட்டும். ஆளைப் பிடிப்பதற்கு முன் நியமத்தைத் திருத்துங்கள் என்பதே என் கருத்து. நியமம் எட்டக்கூடியதாக வந்ததும் இந்தப் பழக்கம் பெரும்பாலும் தானே நின்றுவிடும்.

அறிகுறி 3: வெயில் மாதங்களில் சாதகம், மழை மாதங்களில் பாதகம், வருட முடிவில் கூட்டினால் ஒன்றுமில்லை

நியமம் எட்டாதது என்று இதற்குப் பொருள் இல்லை. இரண்டு பருவத்துக்கும் ஒரே அளவைப் போட்டிருக்கிறீர்கள். மழையில் பறித்த கொழுந்து மேல்நீரோடு நிறுக்கப்படும், எனவே கிலோக்கணக்கு கூடித் தெரியும். வெயில் மாதத்துக்கு 4.55, மழை மாதத்துக்கு 4.75 என்று இரண்டு நியமம் வையுங்கள். அளவை உங்கள் பழைய கணக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும், ஏனென்றால் அட்டன் பக்கம் மழை பெய்யும் மாதத்தில் ஊவாவில் வெயில் அடிக்கும்.

அறிகுறி 4: ஒரு குறிப்பிட்ட மாதத்திலிருந்து முரண் படி ஏறியதுபோல் ஏறி, அங்கேயே நிற்கிறது

மெல்ல மெல்ல ஏறினால் இயந்திரத் தேய்வோ கவனக்குறைவோ இருக்கலாம். ஒரே நாளில் ஏறி அப்படியே நின்றால் வெளியே ஏதோ மாறியிருக்கிறது. மூன்று கேள்வி கேளுங்கள். காரணம் தெரியுமா? அது நம் கைக்கு அப்பாற்பட்டதா? இனித் திரும்பாதா? மூன்றுக்கும் ஆம் என்றால் நியமத்தைத் திருத்தலாம். ஒன்றுக்கு இல்லை என்றாலும் திருத்தக் கூடாது.

தோட்டக் கணக்கில் இதற்குத் தெளிவான உதாரணம் நாட்சம்பளம். 2021இல் 1,000 ரூபாவாக நிர்ணயித்த நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவானது. மூன்று கேள்விக்கும் பதில் ஆம். ஆனால் வருட நடுவில் நியமத்தைச் சும்மா மாற்றிவிட்டால் பாதீடு எழுதியபோது நினைத்ததற்கும் இப்போதைய நிலைக்கும் உள்ள வித்தியாசம் காணாமல் போய்விடும். ஆகவே முரணை இரண்டாகப் பிரியுங்கள்: திட்டமிட்டது மாறியதால் வந்தது ஒன்று, கொழுந்து பறிக்கும் மலையில் வேலை நடந்த விதத்தால் வந்தது மற்றொன்று.

ஒரு மாதம் பறித்த கொழுந்து 36,000 கிலோ. ஒருவரின் ஒரு நாள் வேலையைத் தோட்டத்தில் பேர் என்பார்கள். நியமம் ஒரு பேருக்கு 18 கிலோ, ஆக 2,000 பேர் போதும். உண்மையில் 2,100 பேர் எழுதப்பட்டது, ஒவ்வொன்றுக்கும் 1,350 ரூபா. கணக்கு விளங்குவதற்காக ஊழியர் சேமலாப நிதி போன்றவற்றை விட்டுவிடுகிறேன். கொடுத்தது 28 இலட்சத்து 35 ஆயிரம். பழைய நியமப்படி 20 இலட்சம். மொத்தப் பாதகம் 8 இலட்சத்து 35 ஆயிரம்.

பழைய முறையில் பார்த்தால், 2,100 பேருக்கும் கூடிய 350 ரூபாவால் வந்த சம்பள வீத முரண் 7 இலட்சத்து 35 ஆயிரம், கூடுதலான 100 பேருக்குப் பழைய 1,000 ரூபா வீதம் வினைத்திறன் முரண் 1 இலட்சம். புதிய 1,350ஐ வைத்துப் பிரித்தால் வேறு படம் கிடைக்கும். 2,000 பேருக்குக் கூடிய 350 ரூபா, அதாவது 7 இலட்சம், திட்டமிடல் முரண். அதற்கு வெளிக்கள அதிகாரியும் கங்காணியும் பொறுப்பல்ல. கூடுதலாகப் போன 100 பேருக்கு 1,350 வீதம் 1 இலட்சத்து 35 ஆயிரம், இதுதான் செயற்பாட்டு முரண். பழைய கணக்கு அந்த நூறு பேரின் விலையை 35 ஆயிரம் குறைத்துக் காட்டியிருக்கிறது. சம்பளம் கூடிய பிறகு ஒவ்வொரு வீணான பேரும் முன்பைவிட விலை கூடியது என்பதைப் பழைய நியமம் சொல்லாது.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கிரயக் கணக்குக்கு எழுதும் 18 கிலோவும், சம்பளம் கொடுக்கப் பார்க்கும் அளவும் ஒரே எண்ணாக இருக்கக் கூடாது. கிரய நியமத்தை ஒருவர் எட்டாவிட்டால் தாளில் ஒரு முரண் விழும், அவ்வளவுதான். சம்பள அளவை எட்டாவிட்டால் சில இடங்களில் அரைப் பேர் விழுகிறது, ஒரு வீட்டில் அன்றைய அரிசி குறைகிறது. இலட்சிய அளவு எதையும் சம்பளத்தோடு கட்டாதீர்கள்.

அறிகுறி 5: முரண் இல்லவே இல்லை, ஆனால் கிலோ தேயிலைக் கிரயம் ஏறிக்கொண்டே போகிறது

ஒவ்வொரு காலாண்டும் நியமத்தை உண்மைக்குப் பக்கத்தில் இழுத்து வைக்கும் இடங்களில் இது வரும். 4.65 எட்டவில்லையா, 4.7 ஆக்கு. அதுவும் இல்லையா, 4.8. டேம்பர் திறந்து கிடந்தாலும் இப்படிச் செய்தால் முரண் மறைந்துவிடும், தூள் மட்டும் போய்க்கொண்டிருக்கும். சோதிக்க, இரண்டு வருடங்களுக்கு முந்தைய நியமத்தை எடுத்து இந்த மாதக் கணக்குக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய பாதகம் வந்தால், நியமம் ஒவ்வொரு முறை மாறியபோதும் எழுதிய காரணத்தைக் கேளுங்கள். காரணம் எழுதப்படாத திருத்தங்களை எல்லாம் திருப்பி எடுங்கள்.

நியமத்தைத் திருத்துவதா வேண்டாமா என்று முடிவெடுக்கக் கடினமானது, காரணம் வெளியிலிருந்து வந்தாலும் நிலையானதா என்று தெரியாத நிலை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது, நவம்பரில் தளர்த்தப்பட்டது. ஆனால் செடி அப்படி ஒரே நாளில் திரும்பவில்லை. 2021இல் 30 கோடி கிலோ அளவில் இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி அளவுக்கு இறங்கியது. மலையில் கொழுந்தே இல்லாதபோது பேருக்கு 18 கிலோ என்பது ஒரே இரவில் எட்டாத இலட்சியமாகிவிட்டது. ஆனாலும் 15 என்று நிரந்தரமாக எழுதினால், உரம் போட்டுச் செடி துளிர்த்த பிறகு எல்லாருக்கும் சும்மா சாதகம் விழும்.

அப்படிப்பட்ட நேரத்தில் 18ஐ அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் ஓர் இடைக்கால நிரல் போடுங்கள். 15 என்று எழுதி, எந்தத் திகதியில் மறுபடி பார்க்கப்படும் என்பதையும் அங்கேயே எழுதுங்கள். 18க்கும் 15க்கும் இடையிலானது திட்டமிடல் முரண், 15க்கும் உண்மைக்கும் இடையிலானது செயற்பாட்டு முரண். அந்தத் திகதி வரும்போது யாரும் மறந்துவிடக் கூடாது, இதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது.

அறிகுறி 6: எப்போதும் சாதகம்

யாரும் முறைப்பாடு செய்யாததால் இது வருடக்கணக்கில் கவனிக்கப்படாமல் கிடக்கும். காம்பு பொறுக்கும் வேலை அதற்கு நல்ல உதாரணம். கையால் பொறுக்கிய காலத்து நேர நியமம், நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம் வந்த பிறகும் மாறாமல் இருக்கும். வேலை செய்யும் முறையே மாறிவிட்டதால் இயந்திரம் ஓடத் தொடங்கி, ஆட்கள் பழகும் முதல் இரண்டு மூன்று மாதம் கழித்து நியமத்தைப் புதிதாக அளந்து எழுத வேண்டும். ஓடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே அளந்தால் தளர்ந்த நியமம்தான் கிடைக்கும்.

அறிகுறி 7: கணக்காய்வாளர் கையிருப்பின் பெறுமதியைக் கேள்வி கேட்கிறார்

இலட்சிய நியமத்தில் கையிருப்பை மதிப்பிட்டால் இது வரும். கையிருப்பைப் பற்றிய இலங்கைக் கணக்கீட்டு விதியான LKAS 2 நியமக் கிரயத்தை ஏற்றுக்கொள்கிறது, ஆனால் அது உண்மைக் கிரயத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். வழக்கமான பாவனையையும் வழக்கமான வினைத்திறனையும் வைத்து நியமம் எழுதப்பட்டிருக்க வேண்டும், காலத்துக்குக் காலம் பார்த்துத் திருத்தவும் வேண்டும்.

ஏலத்துக்குப் போகாத 5,000 கிலோ தேயிலை வருட முடிவில் ஸ்டோரில் இருக்கிறது என்று வைப்போம். 4.3 நியமத்தில் கொழுந்துக் கிரயம் கிலோவுக்கு 860 ரூபா, 4.65இல் 930 ரூபா. கிலோவுக்கு 70 ரூபா, மொத்தம் 3 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கையிருப்பில் குறைத்துக் காட்டப்பட்டிருக்கிறது. அந்தத் தொகை பாதக முரணோடு சேர்ந்து இந்த வருடச் செலவுக்குள் போயிருக்கிறது. நாரும் சிந்தலும் தேயிலை தயாரிக்க வழக்கமாக ஆகும் கிரயத்தின் பகுதி, ஆகவே விற்காத தேயிலைக்கு உரிய பங்கு அதனோடேயே இருக்க வேண்டும்.

வருட முடிவுக் கணக்கில் முரணின் வழக்கமான பகுதியை மட்டும் விற்ற தேயிலைக்கும் கையிருப்புக்கும் பிரித்துப் போடுங்கள். டேம்பரால் போன தூள் போன்ற அசாதாரண நட்டத்தை முழுதாகச் செலவில் எழுதுங்கள். உள் புத்தகத்தில் நியமத்தை 4.65ஆக மாற்றும் நாளில் அந்த 5,000 கிலோவும் 930 ரூபாவுக்கு உயரும். அப்போது எழும் 3 இலட்சத்து 50 ஆயிரத்தை நியமத் திருத்தக் கணக்கு என்று தனியாகத் திறந்து அதில் போடுங்கள். அந்த மாதப் பாவனை முரணோடு சேர்த்துவிட்டால் டீமேக்கருக்குப் பெரிய சாதகம் விழுந்ததுபோல் தெரியும், அந்த மாதம் ட்ரையரில் என்ன நடந்தது என்று பிறகு யாருக்கும் தெரியாது.